திரும்பி வரும் வாடிக்கையாளருக்குச் செய்திமடல்: எத்தனை நாளுக்கு ஒன்று அனுப்புவது?

சிறிய கடை நடத்துபவர் மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்ப நினைத்ததும் முதலில் எழும் கேள்வி, வாரம் ஒன்றா மாதம் ஒன்றா என்பதுதான். பெரும்பாலானவர்கள் இதற்குப் பதிலை வெளியே தேடுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் எத்தனை அனுப்புகின்றன, பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறார்கள். ஆனால் பதில் அவரவர் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்துவிட்டால், மடல் எப்போது போக வேண்டும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும். மடலில் என்ன எழுதுவது, யாரைப் பட்டியலில் வைத்திருப்பது, யாரை விட்டுவிடுவது ஆகியவற்றுக்கும் அந்த ஒரே கணக்கு உதவுகிறது. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

யார் பட்டியலில் வர வேண்டும்

குறைந்தது இரண்டு முறை வாங்கியவர்கள் மட்டும். ஒருமுறை வாங்கியவர் வழியில் போகும்போது நுழைந்தவராக இருக்கலாம், வேறு யாருக்கோ பரிசு வாங்க வந்தவராக இருக்கலாம். இரண்டாம் முறை வந்தவர் உங்கள் கடையைத் தேடி வந்தவர். இந்த இருவருக்கும் ஒரே மடலை எழுத முடியாது. புதியவருக்கு இது என்ன கடை, இங்கே என்ன கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். பழகியவருக்கு அது தேவையில்லை. அவர் கடைசியாக வந்துபோன பிறகு என்ன மாறியிருக்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

இப்படி வடிகட்டினால் பட்டியல் சின்னதாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். அறுபது பேர் இருந்தாலே தொடங்கலாம். அறுபது பேரும் உங்களை அறிந்தவர்கள் என்பதால் எழுதும் விதமே மாறும். அந்த மாற்றம் படிப்பவருக்கும் தெரியும்.

இடைவெளியைக் கணக்கிடுவது

கடந்த ஓராண்டு பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரிதாளில் முதல் பத்தியில் வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ, இரண்டாவது பத்தியில் வாங்கிய தேதி. முதலில் பெயர்வாரியாகவும், ஒரே பெயருக்குள் தேதிவாரியாகவும் வரிசைப்படுத்துங்கள். முதல் வரி தலைப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது பத்தியில் மூன்றாம் வரியிலிருந்து கீழே உள்ள சூத்திரத்தை இட்டுக் கடைசி வரை இழுத்துவிடலாம்:

```
=IF(A3=A2, B3-B2, "")
```

மேல்வரியிலும் அதே ஆள் இருந்தால் இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாள்களை இது தரும். வேறு ஆள் என்றால் கட்டம் காலியாக இருக்கும்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, 0, 1, 2 போன்ற மிகச் சிறிய எண்கள். வாங்கிப்போனவர் எதையோ மறந்துவிட்டு மறுநாள் திரும்பி வந்திருப்பார், அல்லது மாற்றி எடுக்க வந்திருப்பார். இவற்றைத் தனி வருகையாகக் கொள்ளாமல் நீக்கிவிடுங்கள். இரண்டாவது, வாராவாரம் வரும் ஓரிருவர். அவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஐம்பது இடைவெளிகள் இருக்கும். ஆண்டுக்கு மூன்று முறை வருபவர் பெயரில் இரண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால், அந்த ஓரிருவரின் பழக்கமே கடை முழுவதன் பழக்கம்போலத் தெரியும். ஆகவே முதலில் ஒவ்வொருவருக்கும் அவருடைய வழக்கமான இடைவெளியாக ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்களை ஒப்பிட வேண்டும். இரண்டு நிலையிலும் சராசரியைவிட இடைநிலை எண் நல்லது. அதாவது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது. விரிதாளில் அதற்கு `MEDIAN` என்ற சூத்திரம் இருக்கிறது.

ஓர் எழுதுபொருள் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பேனா, மை, நோட்டுப் புத்தகங்கள் விற்கிறார்கள். கணக்குப் புரிவதற்காகப் பதினொரு வாடிக்கையாளர்களை மட்டும் பார்க்கலாம். ஒவ்வொருவருடைய வழக்கமான இடைவெளி, நாள்களில்:

18, 25, 31, 34, 38, 41, 44, 52, 60, 95, 210

நடுவில், ஆறாவதாக நிற்பது 41. சராசரி எடுத்திருந்தால் 59 வந்திருக்கும். பதினொருவரில் எட்டுப் பேர் 59 நாள்களுக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் வரும் அந்த 210 நாள்காரர் ஒருவரே சராசரியை மேலே இழுத்துவிட்டார். அவருடைய போக்கை வைத்துக் கடையின் மடலைத் தாமதப்படுத்தினால், மற்றவர்கள் மடல் வருவதற்கு முன்பே வந்து வாங்கிப் போயிருப்பார்கள்.

இப்போது 41 நாள் என்பதை மடலின் இடைவெளியாக மாற்ற வேண்டும். நான் பின்பற்றும் முறை எளியது: இரண்டு வருகைகளுக்கு நடுவே மடல் ஒருமுறையாவது போய்ச் சேர வேண்டும், இரண்டு முறைக்கு மேல் போகக் கூடாது. 41 நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் அது வாங்கிய மறுநாளே போய் விழக்கூடும், அல்லது அவர் வேறெங்கோ வாங்கிய பிறகு போய்ச் சேரக்கூடும். 28 நாளுக்கு ஒருமுறை என்றால், 28 நாளோ அதற்கு மேலோ இடைவெளி உள்ள எல்லோருக்கும் அடுத்த வருகைக்கு முன் ஒரு மடலாவது கிடைத்துவிடும். இந்தக் கடையில் பதினொருவரில் ஒன்பது பேருக்கு அது பொருந்துகிறது. மீதி இருவர் அடிக்கடி கடைக்கு வருபவர்கள்; சேதியை நேரிலேயே தெரிந்துகொள்வார்கள். நீண்ட இடைவெளி உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டுக்கு மேல் போகும். அவர்களைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம். ஆக, இந்தக் கடைக்கு நான்கு வாரத்துக்கு ஒன்று.

மற்ற கடைகளுக்கு இந்த எண் வேறாகவே வரும். இடைவெளி பத்து நாள் என்று வந்தால் வாராவாரம் அனுப்ப வேண்டும் என்று பொருளில்லை. அவ்வளவு அடிக்கடி வருபவர்கள் சரக்கைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள், மடலில் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதற்குமேல் எந்தச் சிறிய கடையும் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. மறுபுறம், நாற்காலி மேசை விற்பவருக்கு இடைவெளி ஓராண்டு, இரண்டு ஆண்டு என்று வரலாம். அதற்காக ஓராண்டு மௌனமாக இருந்துவிட்டு ஒருநாள் மடல் அனுப்பினால், வாங்குபவர் மறந்தே போயிருப்பார்; இது யார் என்று ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அப்படிப்பட்ட கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று சரியாக இருக்கும். அதில் விற்பனையைவிட, வாங்கிய பொருளைப் பேணுவது பற்றிய குறிப்பே பெரும்பகுதியாக இருக்கட்டும்.

கேட்டுவிட்டுச் சேருங்கள், எத்தனை நாளுக்கு ஒன்று என்பதையும் சொல்லுங்கள்

பில்லுக்காகக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி பில்லுக்காக மட்டுமே. அதைச் செய்திமடலுக்கு எடுத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டப்படியே சிக்கலானது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கேட்காமல் சேர்த்தவர்களிடமிருந்துதான் புகார் வரும். இரண்டாம் முறை வாங்கும்போது கல்லாவில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது:

"நான்கு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்புகிறோம். உங்களுக்கும் அனுப்பலாமா?"

இதில் "நான்கு வாரத்துக்கு ஒருமுறை" என்பதை விட்டுவிடாதீர்கள். தயங்குபவர்களில் பலரும் தினமும் வந்து குவியுமோ என்ற அச்சத்தில்தான் தயங்குகிறார்கள். எண்ணைச் சொன்னதும் முடிவெடுப்பது எளிதாகிறது. நீங்களும் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டவராகிறீர்கள்.

முகவரியைத் தாளில் எழுதி வாங்கினால் எழுத்துப் பிழை நிறைய வரும். `gmail` என்பது `gmial` ஆகும்; ஒன்று என்ற எண்ணும் `l` என்ற எழுத்தும் குழம்பும். முடிந்தால் வாடிக்கையாளரே தட்டச்சு செய்யட்டும். அதோடு, சேர்ந்தவுடன் ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சல் போய், அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பட்டியலில் ஏறும்படி வைத்துக்கொள்ளுங்கள். செய்திமடல் சேவைகள் எல்லாவற்றிலும் அநேகமாக இந்த வசதி இருக்கிறது. தவறான முகவரிகள் அங்கேயே நின்றுவிடும்.

எந்த முகவரியிலிருந்து அனுப்புவது

இலவச ஜிமெயில் கணக்கில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி மறைக்கும் பிசிசி கட்டத்தில் எல்லோரையும் போட்டு அனுப்புவதுதான் பலரும் முதலில் செய்வது. இருபது பேர்வரை அது ஓடும். அதன் பிறகு மூன்று தொல்லைகள் வருகின்றன: விலக விரும்புபவருக்கு இணைப்பு கிடையாது, முகவரி தவறி, திரும்பி வரும் அஞ்சல்களைக் கையால்தான் நீக்க வேண்டும், என்றாவது ஒருநாள் பிசிசிக்குப் பதில் வேறு கட்டத்தில் போட்டு, எல்லோருடைய முகவரியையும் எல்லோருக்கும் காட்டிவிடும் அபாயமும் இருக்கிறது. போதாததற்கு ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு.

செய்திமடலுக்கென்றே இருக்கும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். கூடவே கடையின் பெயரில் சொந்த டொமைன், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், ஒன்றும் வேண்டும். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சேவையின் வழியாக அனுப்பினால், அது ஜிமெயிலின் பெயரில் வேறு யாரோ அனுப்புவதுபோல் தோன்றும். ஸ்பேம் பெட்டிக்குப் போக அதுவே போதும்.

டொமைன் வாங்கிய பிறகு, இந்தச் சேவை என் பெயரில் அனுப்ப நான் அனுமதித்திருக்கிறேன் என்று டொமைனின் பதிவுகளில் எழுதிவைக்க வேண்டும். அதற்கான SPF, DKIM என்னும் இரண்டு பதிவுகளையும் சேவையே தயாராகத் தரும். டொமைன் வாங்கிய இடத்தில் DNS என்ற பக்கத்தில் அப்படியே ஒட்டினால் போதும். உங்கள் பெயரில் வந்து இந்தச் சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் மூன்றாவதான DMARC பதிவை நீங்களே எழுதலாம். `_dmarc` என்ற பெயரில், TXT வகையில்:

```
v=DMARC1; p=none; rua=mailto:report@example.com
```

கடைசியில் உள்ள முகவரிக்குப் பதில் உங்களுடையதைப் போடுங்கள். `p=none` என்றால் இப்போதைக்குக் கண்காணி, எதையும் தடுக்காதே என்று பொருள். தொடக்கத்துக்கு அதுவே சரி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லோரிடமும் SPF அல்லது DKIM ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இவை மூன்றும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கட்டாயம். சிறிய கடை அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் மூன்றையும் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.

வைத்தது சரியா என்று பார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி, அதன் மெனுவில் அசல் அஞ்சலைக் காட்டும் தெரிவை அழுத்துங்கள். மூன்றின் எதிரிலும் `PASS` என்று இருக்க வேண்டும்.

மடலில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மடலில் ஒரு சேதி. எட்டுப் பொருள்களின் படங்களை அடுக்கி அனுப்புவது விளம்பரத் தாள்; அது கடையைத் தெரியாதவர்களுக்கானது. பழகிய வாடிக்கையாளருக்குப் பயன்படும் சேதிகள் மூன்று வகை: கேட்டுக் கிடைக்காமல் போனது இப்போது வந்திருக்கிறது, ஏற்கெனவே வாங்கியதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தும் வழி, கடை நேரம், இடம், சரக்கு ஆகியவற்றில் நேர்ந்த மாற்றம். கல்லா அருகே ஒரு சிறு நோட்டு வைத்து, வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையும், இல்லை என்று சொல்லி அனுப்பிய பொருள்களையும் அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து என்ன எழுதுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது. அந்த நோட்டில் ஒன்றும் சேரவில்லை என்றால், அந்த மாதம் அனுப்பாமல் விடலாம். நான்கு வாரம் என்பது அதிகபட்ச வாக்கு. சேதி இல்லாத மடலை அனுப்பித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு முறை விடாதீர்கள்.

நம் எழுதுபொருள் கடையின் மடல் இப்படி இருக்கலாம்.

> தலைப்பு: கருநீல மை மறுபடி வந்திருக்கிறது
>
> முன்வரி: இந்த முறை பெரிய புட்டி மட்டும்
>
> வணக்கம்.
>
> சென்ற மாதம் பலர் கேட்டு, இல்லை என்று சொல்ல நேர்ந்த கருநீல மை நேற்று வந்து சேர்ந்தது. இப்போது பெரிய புட்டி மட்டுமே இருக்கிறது. சிறிய புட்டி எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்ததும் எழுதுகிறோம்.
>
> மை தீர்ந்த பிறகு பேனாவைச் சில வாரங்கள் அப்படியே வைத்திருந்தீர்களானால், புதிய மை நிரப்பும் முன் தண்ணீரை உள்ளிழுத்து வெளியேற்றி, நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். சாதாரணத் தண்ணீரே போதும். சுடுநீர் வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் கெட்டுவிடும்.
>
> மை வேண்டுமென்றால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். சனிக்கிழமை மாலை வரை உங்கள் பெயரில் எடுத்து வைக்கிறோம்.
>
> *எங்களிடம் வாங்கியபோது நீங்கள் கேட்டுக்கொண்டதால் இந்த மடல் வருகிறது. நான்கு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்புவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்றால் இங்கே. வேண்டாம் என்றால் இங்கே.*

தலைப்பில் கடையின் பெயரோ "செய்திமடல் 7" என்பதோ இல்லை. அனுப்புநர் பெயரிலேயே கடை தெரிந்துவிடுகிறது. அதைத் திரும்பச் சொல்லி இடத்தை வீணாக்க வேண்டாம். கைபேசியில் தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்கள் மட்டுமே நிச்சயமாகத் தெரியும், தமிழ் எழுத்து அகலமானது. எனவே சேதி முதல் இரண்டு சொற்களிலேயே வந்துவிட வேண்டும். முன்வரி என்பது பெட்டியில் தலைப்பை ஒட்டி மங்கலாகத் தெரியும் வரி. அதை நீங்கள் எழுதாவிட்டால் "இந்த அஞ்சல் சரியாகத் தெரியவில்லையா" என்பது போன்ற ஏதாவது ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேனா கழுவும் பத்தியைப் பாருங்கள். மை வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கும் இந்த மடலைத் திறந்ததில் ஒரு பலன் கிடைக்கிறது. அடுத்த மடலையும் அவர் திறப்பதற்கு அது காரணமாகும். பதில் எழுதினால் எடுத்து வைக்கிறோம் என்பதற்கும் ஒரு நோக்கம் உண்டு. பதில்கள் உங்கள் பெட்டிக்கு வரும்போது மடல் வேலை செய்கிறதா என்று நேரடியாகத் தெரிகிறது. நீங்கள் எழுதியதற்குப் பதில் போடும் பழக்கம், உங்கள் அஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் இருக்கவும் உதவுகிறது. ஆகவே `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

படம் வைத்தால் ஒன்று போதும். முழுச் சேதியையும் படமாக்கி அனுப்பினால், படங்கள் திறக்காத பெட்டியில் வெறும் கட்டம்தான் தெரியும். மடலின் நிரல் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பைக் காட்டும். விலகும் இணைப்பு அந்த மறைந்த பாதியில் போய்விடும். வேறு இடத்திலிருந்து நிறைய வடிவமைப்போடு நகலெடுத்து ஒட்டும்போது இது நேரும். வெறும் எழுத்தாக ஒட்டினால் அந்தப் பயமில்லை.

எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதில் பலர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். நூறு பேர் பட்டியலில் அதை அளந்து கண்டுபிடிக்க முடியாது. பதில் வந்தால் அன்றே மறுபதில் எழுத உங்களுக்கு நேரம் இருக்கும் நாள் எதுவோ, அதைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு முறையும் அதே நாளில் அனுப்புங்கள். கடை விடுமுறைக்கு முந்தைய மாலை மட்டும் வேண்டாம்.

அனுப்பிய பிறகு எதைப் பார்ப்பது

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைச் சேவை பெரிதாகக் காட்டும். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கி வைத்திருப்பவர் மடலைப் படிக்காவிட்டாலும், அதில் உள்ள படங்கள் பின்னணியில் இறக்கப்படுகின்றன. சேவைக்கு அது திறந்ததாகவே தெரிகிறது.

நம்பத் தகுந்தவை நான்கு: முகவரி இல்லை என்று திரும்பி வந்தவை, விலகியவர்கள், ஸ்பேம் என்று குறித்தவர்கள், பதில் எழுதியவர்கள். எழுதுபொருள் கடையின் பட்டியலில் 96 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மடலில் இரண்டு திரும்பி வந்தன, ஒருவர் விலகினார், ஐந்து பேர் மை எடுத்து வைக்கச் சொல்லிப் பதில் எழுதினார்கள். இது நல்ல தொடக்கம். திரும்பி வந்த இரண்டையும் உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரும்போது சரியான முகவரியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் விலகினால் சதவீதத்தில் அது ஒன்றைத் தாண்டுகிறது. சிறிய பட்டியலில் சதவீதம் இப்படித்தான் எகிறிக் குதிக்கும். ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 0.3-ஐ எட்டவே கூடாது என்பது ஜிமெயிலின் அறிவுரை. 96 பேரில் ஒரே ஒருவர் குறித்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். ஆகவே ஒரு மடலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், நான்கு மடல்களைக் கூட்டிப் பாருங்கள். நான்கு மாதத்தில் மூன்று நான்கு பேர் விலகியிருந்தால் அது இயல்பு. பத்துப் பேர் விலகியிருந்தால் காரணம் தேட வேண்டும். ஸ்பேம் புகாரை மட்டும் ஒன்று வந்தாலும் ஆராயுங்கள்: அவர் எப்போது, யார் கேட்டுச் சேர்ந்தார் என்று பார்த்தால், பெரும்பாலும் கேட்காமல் சேர்த்த பெயராகவே இருக்கும்.

விற்பனைக்கு உதவுகிறதா என்பதைப் பில்லில்தான் பார்க்க முடியும். மடல் போவதற்கு முந்தைய பத்து நாள்களிலும் பிந்தைய பத்து நாள்களிலும் பட்டியலில் உள்ளவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, நான்கு மடல்களுக்கும் சேர்த்து ஒப்பிடுங்கள். மடல் பெறுபவர்களை மடல் பெறாதவர்களோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டாம். மடல் கேட்டவர்கள் இயல்பாகவே கடையில் அதிக ஈடுபாடு உள்ளவர்கள். மடல் இல்லாவிட்டாலும் அதிகம் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொருவரையும் அவருடைய பழைய இடைவெளியோடு ஒப்பிடுவதே நியாயமான கணக்கு.

இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும்

அதிகமாக அனுப்புகிறோம் என்பதற்கு அறிகுறி, விலகுபவர்கள் மடலுக்கு மடல் கூடுவதும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற தெரிவைப் பலர் அழுத்துவதும். குறைவாக அனுப்புகிறோம் என்பது கல்லாவில் தெரியும். "வந்தது தெரியாதே, தெரிந்திருந்தால் வேறு இடத்தில் வாங்கியிருக்க மாட்டேனே" என்று பட்டியலில் உள்ளவர்களே சொல்லத் தொடங்கினால் இடைவெளி நீண்டுவிட்டது. பதிலில் "இது எந்தக் கடை?" என்று கேட்டாலும் அப்படித்தான்.

மடல்களைக் குறைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடிக்கடி அனுப்புவதாக மாற்றுவது வேறு. நான்கு வாரம் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறீர்கள். மாற்றுவதற்கு முந்தைய மடலிலேயே சொல்லி, வேண்டுபவர்கள் மட்டும் ஓர் இணைப்பை அழுத்தட்டும். அழுத்தாதவர்களுக்குப் பழைய இடைவெளியே தொடரட்டும். கடை இடம் மாறுகிறது, ஒரு பொருள் இனி வரவே வராது என்பது போன்ற அவசரச் சேதிக்கு நடுவே ஒரு மடல் கூடுதலாகப் போகலாம். ஏன் முன்னதாக வருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தள்ளுபடி அவசரச் சேதி ஆகாது. அதை வழக்கமான மடலின் தேதிக்குப் பொருத்தி வைத்துக்கொள்ளலாம்.

பில் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். 41 என்பது 50 ஆகியிருந்தால், மடலைக் கூட்டுவதற்கு முன் கடையில் என்ன குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வராமல் போனவர்கள்

வழக்கமான இடைவெளியைப் போல நான்கு மடங்கு காலம் ஒருவர் வரவில்லை என்றால் அவரைத் தனியாகக் குறியுங்கள். எழுதுபொருள் கடையில் அது 164 நாள், ஏறக்குறைய ஐந்தரை மாதம். இங்கே அவரவர் சொந்த இடைவெளியைப் பார்ப்பது முக்கியம். அந்த 210 நாள்காரர் 164 நாள் வராமல் இருப்பது அவருக்கு இயல்பு. அவரை மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற பிரிவுக்கு மாற்றினால் போதும்.

உண்மையாகவே நின்றுபோனவருக்கு ஒரே ஒரு தனி மடல் அனுப்புங்கள்: "சில மாதங்களாக உங்களைக் காணவில்லை. இந்த மடல் தொடர்ந்து வேண்டுமென்றால் கீழே அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் இனி அனுப்ப மாட்டோம்." இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அழுத்தாதவர்களுக்கு நிறுத்திவிடுங்கள். அவர்கள் மறுபடி கடைக்கு வந்து கேட்டால் அன்றே சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தியவர்களின் பெயரை முற்றிலும் அழிக்காமல், அனுப்பக் கூடாதவர் என்ற குறியோடு சேவையிலேயே வைத்திருங்கள். அழித்துவிட்டால், அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து முகவரிகளை ஏற்றும்போது விலகியவருக்கே மறுபடியும் மடல் போய்விடும்.